பொறுப்பு: சம்பந்தப்பட்ட அனைவரும்

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்த்த கம்பெனியில், மாதம் ஒருமுறை தொழிலாளர் பிரதிநிதிகளோடு ஆலோசனைக் கூட்டம் நடக்கும். கூட்டத்தில் பேசியதைப் பதிவு செய்யும் மினிட்ஸ் எழுதுவது நான். பேசியது, முடிவு, பொறுப்பு, கடைசித் தேதி என்று நான்கு கட்டங்கள். பொறுப்பில் எப்போதும் ‘சம்பந்தப்பட்ட அனைவரும்’. தேதியில் ‘விரைவில்’. எங்கள் எச்.ஆர். மேனேஜரின் மகத்தான கண்டுபிடிப்பு அது.

“பேரைப் போட்டா நாளைக்கு அவரைக் கேள்வி கேப்பாங்கம்மா” என்பார். அட, அந்தக் கட்டமே அதற்குத்தானே ஐயா!

முலாம் பூசும் ஷெட்டில் புகையை வெளியே இழுக்கும் ஃபேன் நின்று நான்கு மாதம் ஆகியிருந்தது. ஷெட் முழுக்க அமில நெடி. அங்கே வேலை செய்த அக்கா வேப்பம்பட்டிலிருந்து ரயிலில் வருபவர், பிரதிநிதியும்கூட. பேச ஆரம்பித்தாலே இருமல் வரும். நான் மாதாமாதம் பழைய வரியை எடுத்துப் புது மினிட்ஸில் ஒட்டினேன். வெட்கங்கெட்ட வேலை.

நான்காவது கூட்டத்தில் அக்கா எழுந்தார். “இன்னா சார், எயுதிக்கினே கீறீங்க. மூச்சு வுட முடில. யாரு செய்வாங்க, எப்போ செய்வாங்க? அத்த சொல்லுங்க.”

மேனேஜர் செல்போனிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. “நானே பாத்துக்கறேன்மா. பதினஞ்சாம் தேதிக்குள்ள. போதுமா?” என்று சமோசாவை எடுத்தார்.

சொன்னதை அப்படியே எழுதினேன். பொறுப்பு, எச்.ஆர். மேனேஜர். கடைசித் தேதி, பதினைந்து. வழக்கம்போல அந்த மனிதர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். அக்கா ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டுப் போட்டார். கேன்டீன் போர்டில் ஒட்டினேன்.

அடுத்த கூட்டத்துக்கு, எப்போதும் எட்டிப் பார்க்காத ஃபேக்டரி தலைவர் வந்து உட்கார்ந்தார். முதலில் போன மாத மினிட்ஸை வாசிக்க வேண்டும். வாசித்தேன்.

“யாரு இப்படி எழுதச் சொன்னது?” மேனேஜர் முகம் சுண்டிவிட்டது.

“நீங்க தான சார் சொன்னீங்க? கீய உங்க கையெயுத்து கீது” என்றார் அக்கா.

“பதினஞ்சு போயிடுச்சே, என்ன செஞ்சீங்க?” என்று தலைவர் கேட்டார்.

“உங்க அப்ரூவலுக்காகத்தான் வெயிட் பண்றேன் சார்.”

“எனக்கு எந்தப் பேப்பரும் வரலையே?”

அனுமதி கேட்டு ஒரு பக்கக் கடிதம் போதும். அதைக்கூட இத்தனை மாதமாக அனுப்பவில்லை, புண்ணியவான்! மூன்றாம் நாள் ஃபேன் சுற்றியது. மினிட்ஸ் வேலையை என்னிடமிருந்து பிடுங்கி வேறொருவரிடம் கொடுத்தார்கள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

கேன்டீன் வரிசையில் அக்கா எனக்கு முன்னால் நின்றார். ஏதாவது நல்ல வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன்.

“நாலு மாசமா நீ தானம்மா எயுதின?” என்றார். “இத்த மொத மாசமே கேட்டு எயுதியிருக்கலாம்ல?”

அவர் இருமிக்கொண்டே கவுன்டரில் டோக்கனை நீட்டினார்.