பிள்ளைகளுக்குச் சொல்லியாச்சா

அகரத்தில் பானுப்ரியாவின் ஜெராக்ஸ் கடைக்கும் என் மோட்டார் காயில் கட்டும் கடைக்கும் நடுவே ஒற்றைச் சுவர்தான். அவள் நடத்தும் 'நம்ம அகரம்' ஃபேஸ்புக் குழுவில் பதினோராயிரம் பேர் இருக்கிறார்கள். நானும் அதில் ஒரு மாடரேட்டர். வேலை செய்யாத மாடரேட்டர் என்பாள் அவள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

தண்ணீர் வராத நாள், காணாமல் போன ஆடு, கரண்ட் இல்லாத தெரு என எல்லாம் அங்கே வரும். யார் எதை அனுப்பினாலும் அட்மின் பார்த்து அனுமதித்த பிறகுதான் ஊர் கண்ணில் படும். குழுவின் உச்சியில் பின் பண்ணி வைத்த வரவேற்புப் பதிவில் பானு இப்படி எழுதியிருந்தாள்: 'ஊரில் எது நடந்தாலும் முதலில் சொல்வது நாம்தான். இறப்புச் செய்தியைக் காக்க வைக்க மாட்டோம். படத்தோடு அனுப்புங்கள்.'

அந்த விதிக்குக் காரணம் உண்டு. ஆறு வருஷத்துக்கு முன் அவள் கணவன் லாரி மோதி இறந்தான். சேதி போய்ச் சேராமல் பாதிச் சொந்தம் வரவில்லை. வாசலில் பத்துப் பதினைந்து பேர்தான் நின்றோம். அந்த வாசலை அவள் மறக்கவே இல்லை. அதனால் கேதம், அதாவது சாவுச் செய்தி வந்தால், கையில் பிடித்த டீயைக்கூட வைத்துவிட்டு அனுமதிப்பாள்.

போன மாதம் பூ விவசாயி ஒருவர் காலையில் மாரடைப்பால் இறந்தார். அவர் தம்பி மாலை போட்ட படத்தோடு பதிவு அனுப்பினார். பானு நாலு நிமிஷத்தில் அனுமதித்தாள். இறந்தவரின் மகள் தமிழ்மதி திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்ப்பவள். வழக்கப்படி, "அப்பாவுக்கு முடியல, வா" என்று மட்டும் சொல்லிக் கூட்டிவர அவள் அண்ணன் வேனில் கிளம்பியிருந்தான். வேன் ஒட்டன்சத்திரம் தாண்டுவதற்குள் அவள் டீ இடைவேளையில் போனைத் திறந்து அந்தப் படத்தைப் பார்த்துவிட்டாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, இறப்புச் சான்றிதழை நகல் எடுக்க அவளே பானுவின் கடைக்கு வந்தாள். நானும் அங்கே இருந்தேன். அவள் சண்டை போட்டிருந்தால் எங்களுக்குத் தேவலை.

"அண்ணன் வாரதுக்குள்ள பஸ் ஏறிட்டேன்க்கா. மூணு மணி நேரம் ஒத்தையா உக்காந்து வந்தேன். பக்கத்துல இருந்த பொம்பள என்னம்மான்னு கேட்டா. சொல்லத் தெரியல."

பானு நகலை நீட்டினாள். தான்தான் அனுமதித்ததாக அவளே சொன்னாள். தமிழ்மதி தலையாட்டினாள், அவ்வளவுதான்.

அவள் போன பிறகு பானு கடையைப் பாதி சாத்திவிட்டு, வரவேற்புப் பதிவைத் திருத்தி எழுத உட்கார்ந்தாள். மூன்று நாள் எழுதினாள். முதல் வரைவில் பதினேழு விதிகள்.

"ஏம்மா, கிரயப் பத்திரமா எழுதுற?" என்றேன். முறைத்தாள். ஆனாலும் அதில் பத்து விதிகளை அடித்து நீக்கினாள்.

கடைசி வரைவை எடுத்துக்கொண்டு தமிழ்மதி வீட்டுக்கே போனோம். 'குடும்பத்தார் அனுமதியோடு மட்டுமே இறப்புச் செய்தி' என்ற வரியில் தமிழ்மதி நின்றாள்.

"குடும்பம்னா யாருக்கா? போட்டது எங்க சித்தப்பாதான். அவரும் குடும்பந்தான்."

எனக்குப் பொட்டில் அடித்தாற்போல் இருந்தது. மூன்று நாள் மண்டையை உடைத்தும் எங்கள் இருவருக்கும் இது தோன்றவில்லை. இந்த விதி முன்பே இருந்திருந்தாலும் அவள் அதே பஸ்ஸில்தான் வந்திருப்பாள்.

"வேற என்ன எழுதட்டும்?" என்றாள் பானு.

"வெளியூர்ல இருக்க பிள்ளைகளுக்குச் சொல்லியாச்சான்னு கேளுங்க. அம்புட்டுதான்."

பழைய பதிவையே திருத்தியிருக்கலாம். அதன் கீழே கிடந்த நானூறு பேரின் பாராட்டும் கூடவே நின்றிருக்கும். ஆனால் பானு அந்தப் பழைய பதிவை உச்சியிலிருந்து எடுத்துவிட்டு, புதியதை எழுதி மேலே பின் பண்ணினாள்:

'இது அகரத்துக்காரர்கள் ஒருவருக்கொருவர் உதவ ஒரு இடம். உங்கள் தெருவில் நடப்பதை எழுதுங்கள், தெரியாததைக் கேளுங்கள், தெரிந்தால் கமெண்டில் பதில் சொல்லுங்கள். யாரையும் திட்டவோ, சாதி பேசவோ இங்கே இடமில்லை. இறப்புச் செய்தி அனுப்பினால் உங்கள் போன் நம்பரையும் தாருங்கள். அழைத்து, பிள்ளைகளுக்குச் சொல்லியாச்சா என்று கேட்போம். சொல்லும் வரை வெளியிட மாட்டோம். முதலில் சொல்வது நம் வேலை இல்லை.'

பத்து நாளில் ஒரு கேதம் வந்தது. பானு அழைத்தாள். இறந்த அம்மாவின் இளைய மகள் கோயம்புத்தூரிலிருந்து வந்துகொண்டிருக்கிறாள், விஷயம் தெரியாது என்றார் பதிவை அனுப்பிய மூத்த மருமகன். பதிவை நிறுத்தி வைத்தாள். வேறொரு ஃபேஸ்புக் பக்கத்தில் அதற்குள் வந்துவிட்டது என்று எனக்கே மூன்று பேர் போன் போட்டார்கள்.

"அண்ணே, அந்தப் பக்கத்துக்காரங்களையும் எடுக்கச் சொல்லிப் பேசுங்க" என்றாள் பானு. நான் முதல்முறையாக மாடரேட்டர் வேலை பார்த்தேன். எடுத்துவிட்டார்கள்.

பானு மத்தியானம் சாப்பிடாமல் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நாலேகாலுக்கு மருமகன் அழைத்தார். அவர் பேசுவதற்கு முன்பே பின்னால் ஒரு பெண் "அம்மா" என்று கதறுவது எனக்குக்கூடக் கேட்டது. சுற்றிலும் பல குரல்கள் அவளைத் தாங்கிக்கொண்டிருந்தன.

பிள்ளைகளுக்குச் சொல்லியாச்சா என்று பானு கேட்க வேண்டியிருக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பதிவுக்கு அனுமதி கொடுத்தாள்.