அம்மை இறங்கும்வரை என் வீட்டில்

அந்தக் குழந்தையை அதன் அப்பா முள்ளிப்பட்டிலிருந்து தோளில் போட்டுக்கொண்டு வந்தார். நான்கு வயதுப் பெண். இமைகள் வீங்கிக் கண் கோடு போலத் தெரிந்தது. காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி விழுந்து, மெதுவாகத்தான் மேலே வந்தது. வீட்டில் முதலில் எல்லோரும் பிள்ளை சதை போட்டிருக்கிறது என்று சந்தோஷப்பட்டிருக்கிறார்கள். ஜட்டியின் எலாஸ்டிக் இடுப்பில் பதிந்து புண்ணானபோதுதான் அம்மாவுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது.

தொண்ணூறுகளில் நான் ஆரணியில் ஓர் ஆஸ்பத்திரியில், குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருந்தேன். வேலூருக்கு அனுப்பிப் பரிசோதனை செய்ததில், சிறுநீரகம் புரதச்சத்தை வெளியே விட்டுவிடுகிறது என்று தெரிந்தது. நெஃப்ராட்டிக் சிண்ட்ரோம். அங்கே ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பித்து, மிச்சத்தை எங்களிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினார்கள்.

தினமும் காலையில் வெறும் வயிற்றில் எடை பார்ப்பேன். தொப்புளின் மேல் டேப்பைச் சுற்றி வயிற்றை அளப்பேன். குடித்த தண்ணீர், போன சிறுநீர் இரண்டையும் எழுதிவைப்பேன். வீங்கிய தோல் சீக்கிரம் கிழிந்துவிடும் என்பதால் மடிப்புகளை ஈரமில்லாமல் துடைத்து, கால்களுக்கு நடுவே மெத்தென்ற துணியை வைத்து, பக்கம் மாற்றிப் படுக்கவைப்போம். தொடையில் ஊசி போடுவதைத் தவிர்த்தோம்.

அவள் அம்மா, மாமியார் வீட்டில் தறி நெய்கிறவர். கேள்வி கேட்கத் தயங்காதவர்.

"வெறும் கஞ்சி குடுத்தா போதும்னு சொல்றாங்களே சிஸ்டர்?"

"இல்லம்மா. சத்து வெளிய போய்கினு இருக்குது. பருப்பு, பால், முட்டை எப்பவும் போல குடுங்க. உப்பு மட்டும் வேணாம். ஊறுகா, அப்பளம், கருவாடு, பாக்கெட்டு தீனி, எதுவும் கண்ணுல காட்டாதீங்க."

சிறுநீரைச் சோதிக்கவும் அவருக்குக் கற்றுக்கொடுத்தேன். விடியற்காலைச் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் முக்கால் பங்கு எடுத்து, மேல் பாகத்தை மட்டும் ஸ்பிரிட் விளக்கில் காட்ட வேண்டும். வெள்ளையாகத் திரிந்தால், அசிட்டிக் அமிலத்தில் சில சொட்டு விட வேண்டும். அதற்கும் கலையாமல் நின்றால் அது புரதம். முதல் நாள் அது கட்டிப்பட்டு நின்றதைப் பார்த்து, "தறியில பாவு நூலுக்குப் போடற கஞ்சி மாதிரி இருக்குதுங்க" என்றார். இரண்டு வாரத்தில் அது நீர்மோர் போலாகி, பிறகு ஒரு காலையில் தண்ணீராகவே நின்றது. அவர் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

வீக்கம் வற்றிவிட்டது. வீட்டுக்கு அனுப்பலாம் என்று டாக்டர் சொன்ன அன்று அப்பா வந்தார். வார்டுக்குள் வராமல் வராந்தாவிலேயே நின்றார்.

"வீட்டுல அம்மா வந்துக்கிறாங்க சிஸ்டர். அண்ணன் பையனுக்கு."

அம்மை. மூன்று குடும்பம் சேர்ந்திருக்கும் வீடு. ஸ்டீராய்டு சாப்பிடுகிற பிள்ளைக்கு உடம்பில் எதிர்த்து நிற்கிற சக்தி குறைவு. அந்த அம்மை இவளுக்கு வந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். மாத்திரையைச் சட்டென்று நிறுத்தவும் முடியாது. வார்டிலேயே வைத்திருக்கலாம் என்றால், பக்கத்துக் கட்டில்களில் எல்லாம் சளியும் பேதியும் காய்ச்சலும்.

"வேற எங்கியாவது சொந்தக்காரங்க?"

"பெரணமல்லூர்ல என் அக்கா இருக்குது. அங்கியும் சின்னப் பசங்க நாலு பேரு" என்றார் அம்மா.

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு, "அம்மா வந்துக்கிற நேரத்துல புள்ளைய வெளிய வெச்சா நல்லாயில்லன்னு வீட்டுல பேசிக்கிறாங்க" என்றார்.

அம்மா மெதுவாகத்தான் பதில் சொன்னார். "நான் வேண்டிகினேன். எறங்கனதும் கூழ் ஊத்தறேன்னு சொல்லுங்க. இவள இட்டுகினு அந்த வூட்டுக்கு நான் வரமாட்டேன்."

நான் யோசிக்காமல்தான் சொன்னேன்: "எங்க வீட்டுல இருங்க."

என் வீடு இரண்டே அறை. கணவர் வளைகுடாவில் வேலை செய்தார். ஏழு வயது மகள் சென்னையில் நாத்தனார் வீட்டில் படித்தாள். ஷிஃப்ட் வேலையில் அவளைத் தனியாக விட முடியாது என்று எல்லோரும் பேசி எடுத்த முடிவு, நானும் சம்மதித்ததுதான். ஆனால் அவளுடைய சின்னக் கட்டிலை மட்டும் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தேன். அதில் இந்தக் குழந்தை படுத்தது.

நான் டியூட்டி முடிந்து வந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, புடவை மாற்றிய பிறகுதான் அவளைத் தொடுவேன். அதற்குள் அவள் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு என்னைத் தேடவைப்பாள். மாத்திரையால் பசி பசி என்று அனத்துவாள். உப்பில்லாத பருப்பை அவள் துப்பியபோது, நானும் அவள் அம்மாவும் அதையே எங்கள் தட்டிலும் போட்டுக்கொண்டோம். எலுமிச்சை பிழிந்து, சீரகம் தாளித்து, ஒருவழியாக அவளைச் சாப்பிடவைத்தோம்.

ஒரு வாரம் கழித்து அம்மா பதறிக்கொண்டு, "மறுபடியும் மூஞ்சி வீங்குது சிஸ்டர்" என்றார். கன்னம் உருண்டிருந்தது. நான் அவர் விரலைப் பிடித்துக் குழந்தையின் காலில் அழுத்திக் காட்டினேன். குழி விழவில்லை. காலையில் இமையும் உப்பவில்லை, குழாயும் தெளிவாக இருந்தது. "இது மாத்திரையால வர்ற கன்னம். முடிஞ்சதும் கரைஞ்சிடும். இதுக்குப் பயந்து மாத்திரைய நிறுத்திடாதீங்க. காய்ச்சலோட வயிறு வலின்னு சொன்னா மட்டும் ஒரு மணி நேரம்கூட காத்திருக்காம ஜல்தி தூக்கிகினு வந்துடுங்க."

ஞாயிற்றுக்கிழமைகளில் எஸ்.டி.டி. பூத்திலிருந்து மகளிடம் பேசுவேன். இப்போது இவளும் கூட வந்து என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அந்தப் பாப்பா என் கட்டில்லயா தூங்குது?" என்று மகள் கேட்டாள்.

"ஆமா கண்ணு. உடம்பு சரியில்லாத பாப்பா."

"எனக்கு உடம்பு சரியில்லன்னா நானும் அங்க வரலாமா?"

மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. என்ன பதில் சொன்னேன் என்பது இன்றைக்கு நினைவில்லை. கேள்வி மட்டும் இருக்கிறது. அன்று இரவு இந்தக் குழந்தைக்குத் தலை வாரிவிட்டபோது, சென்னையில் இந்நேரம் அந்தத் தலையை யார் வாரியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு வெகுநேரம் வாரினேன். இவள் தூங்கிப்போனாள்.

முதல் பையனுக்குத் தண்ணீர் ஊற்றியதும், அந்த வீட்டில் இன்னொரு பிள்ளைக்கு அம்மை போட்டது. அப்பா வந்து சங்கடத்தோடு சொன்னார். அம்மா என் முகத்தைப் பார்த்தார். "இருக்கட்டும், எல்லா பொருக்கும் உதிரட்டும்" என்றேன். எனக்கு அந்த நீட்டிப்பு பிடித்திருந்தது.

அவர்கள் புறப்பட்ட அன்று கண்ணாடிக் குழாயையும் விளக்கையும் துணியில் சுற்றிக் கொடுத்தேன். டியூட்டி முடிந்து வந்தபோது கட்டில்மேல் போர்வை மடித்து வைத்திருந்தது. பழக்கத்தில் கையைக் கழுவி, புடவை மாற்றிக்கொண்டு, கதவுக்குப் பின்னால் பார்த்தேன்.

நோய் அதோடு போய்விடவில்லை. அடுத்த மழைக்காலத்தில் சளி பிடித்து, மூன்று நாள் தொடர்ந்து குழாயில் கஞ்சி கட்டியது. வீக்கம் வருவதற்கு முன்பே அம்மா கூட்டிவந்துவிட்டார். மறுபடி மாத்திரை. அதன் பிறகும் சில முறை திரும்பியது. ஒவ்வொரு முறையும் இடைவெளி நீண்டது. வரும்போதெல்லாம் டாக்டர் அறைக்கு முன்பாக என்னைத்தான் தேடுவார்கள். பிறகு வருவது குறைந்தது. வராமலிருப்பதுதான் நல்லது என்று தெரியும். தெரிந்தாலும், ஓ.பி. வரிசையில் முள்ளிப்பட்டு முகம் ஏதாவது தெரிகிறதா என்று பார்ப்பேன்.

ரெண்டாயிரம் பிறந்து சில வருடங்களுக்குப் பிறகு, பாவாடை தாவணியில் ஒரு பெண்ணோடு அந்த அம்மா வந்தார். ஐந்தாறு வருடமாக மாத்திரையே இல்லையாம். பக்கத்துக் கடையில் துணி எடுக்க வந்தவர்கள், பார்த்துவிட்டுப் போகலாமென்று வந்திருக்கிறார்கள்.

"சிஸ்டர் வூட்டுல இருந்தோமே, ஞாபகம் இல்ல?" என்று மகளைத் தூண்டினார்.

அந்தப் பெண் வெட்கத்தோடு சிரித்து, இல்லை என்று தலையசைத்தாள். கன்னம் ஒட்டி, கண் பெரிதாக, அழகாக இருந்தாள். அவளுக்கு நினைவிருக்க நியாயமில்லை, நான்கு வயது. அம்மாவுக்குத்தான் முகம் வாடியது. "சின்னப் புள்ளதானேம்மா" என்று நானே சமாதானம் சொன்னேன்.

என் மகள் அப்போது சென்னையிலேயே கல்லூரியில் சேர்ந்திருந்தாள். அவளுக்கும் ஏறக்குறைய இந்த உயரம்தான். தொடட்டுமா என்று கேட்காமல், அந்தப் பெண்ணின் தலையில் ஒருமுறை கையை வைத்தேன். அவள் நகராமல் நின்றாள்.