ஏழு மணிக்குப் பூட்டிய மெஸ்

ஆறாயி வெள்ளவத்தைப் பெண்கள் விடுதியில் பத்தொன்பது வருடமாகச் சமைக்கிறாள். நான்கு வார்டன்களுக்குச் சோறு போட்டவள். நான்கு பேரில் கடிதம் எழுதும் வியாதி இருந்தது இப்போதைய மாக்ரெட் மெடத்துக்கு மட்டும்தான். குளியலறை வாளிக்கு ஒரு கடிதம், மொட்டைமாடிக் கொடிக்கு ஒரு கடிதம். ஒவ்வொன்றின் அடியிலும் முழ நீளத்துக்குக் கையெழுத்து.

போன திங்கட்கிழமை அறிவிப்புப் பலகையில் ஒட்டிய கடிதத்தை, விடுதியில் தங்கி பார்மசியில் வேலை செய்யும் துஷ்யந்தி ஆறாயிக்கு வாசித்துச் சொன்னாள். இரவு உணவு இனி ஆறரையிலிருந்து ஏழு மணிவரை. ஏழு முதல் ஒன்பதுவரை எல்லோரும் கீழ் மண்டபத்தில் இருந்து படிக்க வேண்டும். ஏழுக்கு மெஸ் பூட்டப்பட்டுச் சாவி வார்டனிடம் ஒப்படைக்கப்படும். எவருக்கும் தட்டு எடுத்து வைக்கக் கூடாது. மிஞ்சிய உணவை அன்றே வெளியே கொடுத்துவிட வேண்டும்.

மெடம் முன்பு கொட்டாஞ்சேனையில் ஒரு பள்ளிக்கூட போர்டிங்கைப் பார்த்தவர். அங்கே சின்னப் பிள்ளைகளுக்கு எழுதிய கடிதத்தையே தேதியை மாற்றி ஒட்டியிருந்தார். இங்கே இருப்பதோ வங்கியில் வேலை செய்கிறவர்களும் சட்டம் படிக்கிறவர்களும். முப்பது வயதுப் பெண்ணை மண்டபத்தில் உட்காரவைத்துப் படி என்கிற மூளையை என்னவென்று சொல்வது? அதைவிடக் கேவலம், இருபத்திரண்டு பேரும் வாசித்ததாக வரிசையாகக் கையெழுத்துப் போட்டதுதான். கோட்டுப் போட்டு வழக்காடப் போகிற லவினாகூட முதல் ஆளாகப் போட்டாள்.

துஷ்யந்தி பார்மசியிலிருந்து வர ஏழரை ஆகும். பகலில் வகுப்பு, ஒரு பணிஸைத் தின்று சமாளிப்பாள். ஆறாயி அவளுக்காக எடுத்து மூடிவைக்கும் தட்டுத்தான் அந்தப் பிள்ளையின் ஒரே முழுச் சாப்பாடு. ஆறாயி அன்றே மேலே போய் மெடத்திடம் இதைச் சொன்னாள்.

"சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதான், ஆறாயி. ஒராளுக்காக மாத்தேலாது."

"எல்லாருக்குமாங்க மெடம்?"

"எல்லாருக்கும்தான். போன மாசம் கூட்டித் துடைக்கிறவ வாய்காட்டித்தான் வீட்டுக்குப் போனவ, தெரியும்தானே?"

தெரியும். கிருலப்பனையில் வாடகை அறை, தினமும் மருந்து குடிக்கும் நோயாளிப் புருசன், இந்த ஒரு வேலை. ஆறாயி வாயை மூடிக்கொண்டு இறங்கினாள்.

போர்டிங்கில் மெடம் பிள்ளைகளோடு ஒரே மேசையில் ஆறரைக்குச் சாப்பிட்டவர். அதனால் அந்தப் பழைய கடிதத்தில் வார்டனின் சாப்பாட்டைப் பற்றி ஒரு வரியும் இல்லை. இங்கே வந்த பிறகோ எட்டு மணிக்கு, டீவி நாடகம் முடிந்ததும், அவருடைய தட்டு மேலே போக வேண்டும். ஊருக்கெல்லாம் சட்டம் போட்ட புத்திசாலி தன் வயிற்றை மறந்துவிட்டார்.

மறுநாள் சட்டம் தொடங்கியது. அன்றிரவு இடியப்பமும் சொதியும். ஏழுக்கு ஆறாயி மெஸ்ஸைப் பூட்டினாள். மிச்சத்தைத் தெரு முடக்கில் நிற்கும் ஓட்டோக்காரர்களிடம் கொடுத்தாள். துஷ்யந்தியின் பங்கும் அதில்தான் போனது. அது தெரிந்தே கொடுத்தாள். பிறகு சாவியைக் கொண்டுபோய் மெடத்தின் மேசையில் வைத்தாள்.

"எட்டு மணிக்கு என்ர சாப்பாட்டைக் கொண்டுவர மறக்காத."

"மெஸ் பூட்டியாச்சுங்க. மிச்சத்த ஓட்டோக்காரங்களுக்குக் குடுத்துட்டேன்."

"எனக்குரியதையுமா?"

"யாருக்கும் தட்டு வைக்கக் கூடாதுன்னு எழுதியிருக்குங்க. நீங்களும் எல்லாருக்கும்னுதான் சொன்னீங்க."

மெடத்தின் முகம் கறுத்தது. திட்ட வேண்டுமென்றால் சொந்தக் கடிதத்தைத்தான் திட்ட வேண்டும். "சரி, போ" என்றார். அன்று அவர் கிரீம் கிரக்கர் பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் தோய்த்துச் சாப்பிட்டார் என்று விடுதிக் காவற்காரன் பிறகு சொன்னான்.

காலையில் ஆறாயி வேலை போயிருக்கும் என்றே நினைத்து வந்தாள். பலகையில் புதுக் கடிதம் இருந்தது, காவற்காரன் வாசித்துச் சொன்னான். 'விடுதிவாசிகளின் நலனை ஆழ்ந்து சிந்தித்து' மெஸ் எட்டரைவரை திறந்திருக்குமாம். காலை பத்துக்குள் பெயர் பதிந்தால் தட்டும் வைக்கப்படுமாம். படிப்பு நேரம் விரும்பியவர்களுக்கு மட்டுமாம். வெட்கம் கெட்ட கடிதம் என்று ஆறாயிக்குத் தோன்றியது.

துஷ்யந்தி ஒரு தாளோடு குசினிக்கு, அடுப்படியில் நின்ற ஆறாயியிடம் வந்தாள். நேற்று வெறும் வயிற்றோடு படுத்த களைப்பு இன்னும் முகத்தில் இருந்தது.

"மெடம் நல்லவங்கக்கா. நாங்க கேக்காமலே மாத்தியிருக்காங்க. எல்லாரும் சேந்து நன்றிக் கடிதம் எழுதியிருக்கோம். நீங்களும் ஒரு கையெழுத்து போடுங்களேன்."

தாளில் இருபத்திரண்டு கையெழுத்தும் இருந்தன. ஆறாயி ஈரக் கையைத் துடைக்கவில்லை.

"ராத்திரி நீ பட்டினி கெடந்தத இதுல எழுதியிருக்கீங்களா புள்ள?"

துஷ்யந்தி தாளைப் பார்த்தாள். "இல்லக்கா."

"அப்ப என் பேரு எதுக்கு" என்று சொல்லிவிட்டு ஆறாயி பருப்பைக் கழுவப் போனாள்.