பன்னிரண்டு வினாடிக் கதவு

ரோண்டா ஸ்கிபாவுக்கு வாய் நீளம். அமெரிக்காவின் விஸ்கான்சினில், ஃபாக்ஸ் ஆற்றங்கரை டிஷ்யூ காகித ஆலையில் இருபத்து மூன்று வருடமாக எலக்ட்ரீஷியன். தலைமை எலக்ட்ரீஷியன் பதவி மூன்று முறை கைநழுவிப் போனதும் அந்த வாயால்தான். அவளோடு ஒத்துப்போன ஒரே ஆள், நான்காம் மெஷினை ஓட்டும் மெர்ல் ஜான்சென். வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்கு இருவரும் ஒரே மேஜையில் உட்கார்வார்கள்.

நான்காம் மெஷினில் இரண்டு டன் காகித உருளை சுழலும். தாள் அறுந்தால் அவசர நிறுத்தத்துக்கான சிவப்பு பட்டனைத் தட்டுவதுதான் அங்கே வழக்கம். முறைப்படி நிறுத்தும் பட்டன் நாலடி தள்ளியிருந்தது; நாலடி நடக்க யாருக்குப் பொறுமை? சிவப்பைத் தட்டினால் மோட்டாரே உருளையைப் பிடித்து இழுத்து ஒன்பது வினாடியில் நிறுத்தும். பத்தாவது வினாடியில், மோட்டார் அடங்கினாலும் அடங்காவிட்டாலும், கரண்ட் துண்டிக்கப்படும். பன்னிரண்டாவது வினாடியில், உருளையை யாரும் தொடாதபடி மறைக்கும் காப்புக் கதவின் பூட்டு திறக்கும். எல்லாம் ரோண்டா அமைத்தது.

பாதுகாப்பு அதிகாரி பிரென்ட் ஒருநாள் தலைமை அலுவலக உத்தரவோடு வந்தார். வேறொரு ஆலையில் சிவப்பு பட்டனைத் தட்டியும் மோட்டார் நிற்காமல் ஓடியிருக்கிறது. இனி எல்லா மெஷினிலும் பட்டனைத் தட்டிய அந்தக் கணமே கரண்ட் போக வேண்டும்.

"பம்புக்குச் செய்யுங்க, கன்வேயருக்குச் செய்யுங்க. கரண்ட் போனா அதுங்க உடனே நின்னுடும்," என்றாள் ரோண்டா. "இது இரண்டு டன்னு. கரண்டப் புடுங்கிட்டா பிடிச்சு நிறுத்த ஆளே இல்ல. எண்பது செகண்டு தன்னால சுத்தும். தனியா பிரேக்கும் கிடையாது."

"கரண்டே இல்லாத மெஷின் எப்படி ஆபத்து?"

"கரண்ட் இல்லாத லாரி மலைமேலேர்ந்து உருண்டு வருது. முன்னாடி போய் நில்லுங்களேன், பாப்போம்."

மெர்ல் உட்பட நாலு பேர் சிரித்துவிட்டார்கள். பிரென்ட்டின் முகம் சிவந்தது. "உன் கருத்து யாருக்கு வேணும் ரோண்டா? உத்தரவுல இருக்கறத மட்டும் செய்."

சரி, இருப்பதை மட்டும் செய்வோம் என்று பல்லைக் கடித்தாள். பட்டனின் வயரை மாற்றினாள். தட்டிப் பார்த்தாள். கரண்ட் உடனே போனது. கையெழுத்துப் போட்டாள். கார் நிறுத்துமிடத்துக்கு வந்தபோதுதான் கதவு நினைவுக்கு வந்தது. உருளை எண்பது வினாடி சுற்றும். பூட்டோ பன்னிரண்டிலேயே திறக்கும். திரும்பிப் போய்ப் பூட்டின் நேரத்தில் ஓர் எண்ணை மாற்றினால் போதும், அல்லது மெர்லிடம் ஒரு வார்த்தை. ஆனால் உத்தரவில் கதவைப் பற்றி ஒரு வரியும் இல்லை. பிரென்ட் தானே வந்து கெஞ்சட்டும், திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம். வீம்பு கண்ணை மறைத்தது. காரைக் கிளப்பினாள்.

சனிக்கிழமை காலை தாள் அறுந்தது. மெர்ல் வழக்கம்போல் சிவப்பைத் தட்டினான். மோட்டார் சத்தம் அடங்கியது, மெஷின் ஓடுவதைக் காட்டும் விளக்கு அணைந்தது, பூட்டு 'டக்'கென்று திறந்தது. எண்பது வினாடிப் பேச்சைக் கேட்டவன்தான்; ஆனால் பத்தொன்பது வருடமாக அந்த 'டக்' கேட்டால் உருளை நின்றுவிட்டது என்று அர்த்தம். கோடோ கறையோ இல்லாத வெள்ளை உருளை; சத்தமில்லாமல் சுழன்றால் நிற்பது போலவே இருக்கும். உருளையில் சிக்கிய தாளைப் பிய்க்க வலது கையை உள்ளே விட்டான். முழங்கைக்குக் கீழே எதையும் காப்பாற்ற முடியவில்லை.

விசாரணை அறிக்கை வந்தது. பட்டன் சரியாக வேலை செய்தது. எலக்ட்ரீஷியன் உத்தரவுப்படி வேலையை முடித்திருக்கிறார். இயக்குபவர் கவனமாக இருந்திருக்க வேண்டும். கதவின் நேரத்தை நூறு வினாடியாக்கி ஆலை மறுபடி ஓடியது. அறிக்கையில் தன் பெயருக்கு எதிரே குற்றமில்லை என்று படித்ததும் ரோண்டா அதைக் கவிழ்த்து வைத்தாள்.

ஒரு சட்டி கோழிக் குழம்போடு மெர்ல் வீட்டுக்குப் போனாள். அவன் இடது கையால் தட்டுத் தடுமாறி நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"அந்த நாய்ங்க யாரும் வரல. நீ ஒருத்திதான் எனக்காக அந்த பிரென்ட்டோட சண்டை போட்டவ," என்றான். "எங்க வீட்டுல எல்லார்கிட்டயும் அதத்தான் சொல்றேன்."

அவள் சட்டியை மேஜைமேல் வைத்தாள். கேட்டுக்கொண்டு சும்மா இருந்துவிடலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை.

"கதவு பன்னிரண்டுலயே இருக்குன்னு எனக்கு அன்னிக்கே தெரியும் மெர்ல். கார்கிட்ட வந்தப்ப ஞாபகம் வந்துச்சு."

"வந்து?"

"திரும்பிப் போகல. அவன் மேல இருந்த கோவம்."

அவளுக்காக இழுத்துப் போட்ட நாற்காலியை மெர்ல் மறுபடி மேஜைக்கடியில் தள்ளினான்.

"வேலைய விட்டுடாத," என்றான். "நீ போயிட்டா அந்த மெஷின ஒழுங்கா பாக்க அங்க ஒருத்தனும் இல்ல. எனக்கு அடுத்து அந்த எடத்துல நிக்கறவனுக்கு ரெண்டு கை இருக்கு."

அவள் தலையாட்டினாள்.

"சட்டிய எடுத்துட்டுப் போ. இனிமே இங்க வராத."