மஞ்சள் குளிசையும் அப்பாவின் அருளும்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே என்று வீட்டில் எல்லாரும் சொல்வார்கள். சொல்லட்டும். கண்டி டவுனில் ஒரு பாமசியில் மருந்து எடுத்துக்கொடுத்து இருபத்திரண்டு வருஷம் நின்றுகொண்டே வேலை பார்த்தவளுக்குப் பொறுமை எங்கிருந்து வரும்? ஆனால் அப்பாவின் கால் விஷயத்தில் நான் திட்ட வேண்டிய ஆள் நானேதான். அதனால்தான் இத்தனை காலம் இதை யாரிடமும் சொல்லவில்லை.

அப்பா மாநகர சபையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா இறந்த பிறகு மீன், இறைச்சி, முட்டை எல்லாவற்றையும் விட்டுவிட்டார். பாலும் பிடிக்காது, பிளேன்டீதான். சீனி வருத்தத்துக்கு, அதுதான் நீரிழிவுக்கு, பத்து வருஷமாக மெட்போமின் போட்டுக்கொண்டிருந்தார். எழுபது தாண்டிய பிறகு முகம் வெளுத்தது. மஹய்யாவயில் எங்கள் வீட்டுக்கு ஏறும் படிகளில் பாதியில் நின்று மூச்சு வாங்கினார்.

இரத்தம் சோதித்தேன். இரத்தம் குறைவு, சிவப்பணுக்கள் அளவில் பெரிது என்று ரிப்போட் வந்தது. அதை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போயிருக்க வேண்டும். போனால் ஒரு நாள் வேலை போகும். எனக்குத் தெரியாததா என்று ஒரு திமிர் வேறு. பிள்ளைத்தாய்ச்சிகளுக்குத் தினம் எண்ணிக் கொடுக்கும் மஞ்சள் குளிசை, ஃபோலிக் அமில மாத்திரை, கைக்கு எட்டும் மேசை லாச்சியிலேயே இருந்தது. வைட்டமின்தானே, என்ன செய்துவிடப் போகிறது? நாளுக்கு ஒன்று என்று கொடுத்தேன்.

மூன்று மாதத்தில் மறுபடி சோதித்தால் இரத்தம் ஏறியிருந்தது. சிவப்பணுக்களும் சரியான அளவுக்கு வந்திருந்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை. பெரிய டொக்டரம்மா மாதிரி அந்த ரிப்போட்டை அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் காட்டினேன்.

அந்த ஆடி வெள்ளியில்தான் அம்மன் கோயிலில் அது நடந்தது. உடுக்கை ஒலித்தது, கற்பூரம் ஏற்றினார்கள், அப்பா கைகூப்பிக் கண்ணை மூடினார். மூடியதும் உடம்பு ஆடத் தொடங்கியது. முன்னும் பின்னும் சாய்ந்தார், பக்கத்தில் நின்றவர்கள் தாங்கிக்கொண்டார்கள். அருள் வந்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள். ஒரு பெண் காலில் விழுந்து, மகள் கல்யாணம் எப்போது நடக்கும் என்று கேட்டாள். அப்பா திகைத்துப்போய்த் தையில் நடக்கும் என்றார். தையில் நடந்தும்விட்டது!

அதற்குப் பிறகு கேட்க வேண்டுமா? வெள்ளிக்கிழமைகளில் அப்பாவுக்கு முன்னால் ஒரு கூட்டம் நின்றது. உச்சி வெயிலில் கோயில் முற்றத்துச் சீமெந்து கொதிக்கும். மற்றவர்கள் ஈரச் சாக்கில் கால் வைத்து நிற்க, அப்பா வெறுந்தரையில் அசையாமல் நிற்பார். அம்மாள் நிற்கிறாள், அவளுக்குச் சுடுமா என்று பேசிக்கொண்டார்கள். ஆயுள் முழுக்க மேற்பார்வையாளர்களின் ஏச்சை வாங்கியவர் அப்பா, வீட்டிலும் அவர் சொல்லை யாரும் காதில் போட்டதில்லை. இப்போது நாலு பேர் கைகட்டி நின்று அவர் வாயைப் பார்த்தார்கள். அந்த முகத்தில் நான் அதுவரை கண்டிராத ஒரு வெளிச்சம் இருந்தது. நானும் நம்பினேன். எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

ஒரு காலையில் அப்பா வெளிக் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். சவர்க்காரம் போட்டுக் கண்ணை மூடியதும் சாய்ந்து சுவரைப் பிடித்தார். அங்கே உடுக்கையும் இல்லை, கற்பூரமும் இல்லை. எனக்கு என்னவோ போலிருந்தது. பிறகுதான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. செருப்பு படியில் கழன்று கிடக்கும், அவர் அது தெரியாமல் வீட்டுக்குள் வந்திருப்பார். சட்டைப் பொத்தானோடு கால்மணி நேரம் போராடுவார். வயசாகிவிட்டது என்று நானே சொல்லியிருக்கிறேன். அன்று நகம் வெட்டிவிட உட்கார்ந்து பாதத்தைத் திருப்பிப் பார்த்தால், பெருவிரலுக்குக் கீழே பெரிய கொப்புளம். சீமெந்து சுட்டது. வலிக்கவில்லையா என்று கேட்டேன். எங்கே என்று திருப்பிக் கேட்டார்.

மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டொக்டர் அவரைக் கால்களைச் சேர்த்து நிற்கச் சொன்னார். கண் திறந்திருந்தபோது நின்றார், மூடச் சொன்னதும் சரிந்தார். நான் பாய்ந்து பிடித்தேன். அதிரும் ஓர் இரும்புக் கவையைக் கால்விரலில் வைத்து, அதிர்வு தெரிகிறதா என்று கேட்டார். தெரியவில்லை. என்னென்ன மருந்து போடுகிறார் என்று கேட்டபோது மஞ்சள் குளிசையையும் சொன்னேன், தரையைப் பார்த்துக்கொண்டு.

டொக்டர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பி பன்னிரண்டு வைட்டமின் குறைந்தாலும் ஃபோலிக் குறைந்தாலும் சிவப்பணுக்கள் ஒரே மாதிரிதான் பெரிதாகும், ரிப்போட்டை மட்டும் பார்த்துப் பிரிக்க முடியாது என்றார். குறைவது பி பன்னிரண்டாக இருந்து ஃபோலிக் மட்டும் கொடுத்தால் இரத்தம் தேறிவிடலாம், நரம்பு தேறாது. இரத்தம் நன்றாக இருப்பதால் யாரும் மேலே தேடவும் மாட்டார்கள். உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டே போகும். சீனி வருத்தமும் காலை மரத்துப்போகச் செய்யும், அதனால் ஊகித்துக்கொண்டிருக்காமல் இரண்டையும் அளந்து பார்ப்போம் என்று இரத்தம் எடுத்து அனுப்பினார். ஃபோலிக் தாராளமாக இருந்தது. பி பன்னிரண்டு அடிமட்டத்தில் கிடந்தது. சைவச் சாப்பாடும் மெட்போமினும் சேர்ந்து அதைக் குறைத்திருக்கும் என்றார் டொக்டர். உடனே ஊசி தொடங்க வேண்டும், தாமதித்தால் நடையே போகலாம், போனது எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார்.

அப்பா மறுத்துவிட்டார்.

"எனக்கு வந்த அம்மாள ஊசி போட்டு வெரட்டப் போறியா?" என்றார். கோபத்தைவிடப் பயம்தான் அந்தக் குரலில் இருந்தது.

எனக்கும் கத்தத்தான் வந்தது. அடக்கிக்கொண்டேன். மஞ்சள் குளிசையைக் கொடுத்தது நான்தான், இரத்தம் சரியென்று ஊரெல்லாம் சொல்லி வருத்தத்தை மூடிவைத்ததும் நான்தான் என்று முழுவதையும் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

அப்பா குனிந்து தன் பாதத்தைப் பார்த்தார்.

"அப்ப அம்மாள் வரவேயில்லையா?"

"அது எனக்குத் தெரியாதுப்பா. உங்க கால் போய்க்கிட்டு இருக்கு. அது மட்டும் தெரியும்."

சட்டைக் கையை மேலே சுருட்டிவிட்டு, எப்போது போக வேண்டும் என்று கேட்டார்.

சிவப்பு நிற மருந்து. முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு மாதக் கணக்கில் இடைவெளி விட்டு. ஒவ்வோர் ஊசிக்கும் நான் கூடவே போனேன். மஞ்சள் குளிசையை டொக்டர் நிறுத்தச் சொன்னார். பாமசியில் வயதானவர்கள் யாராவது அதைக் கேட்டு வந்தால், பி பன்னிரண்டும் ஃபோலிக்கும் பார்த்தார்களா, டொக்டர் எழுதிய துண்டு இருக்கிறதா என்று கேட்கத் தொடங்கினேன். வாயாடி என்று இரண்டு பேர் வேறு கடைக்குப் போனார்கள். போகட்டும்.

அடுத்த ஆடி வந்தது. உடுக்கை ஒலித்தது, அப்பா கண்ணை மூடினார். கூட்டம் அவரையே பார்த்தது. ஒரு பெண் பூத்தட்டோடு முன்னால் காத்து நின்றாள். அப்பா ஆடவில்லை. நேராக நின்றார். உடுக்கை ஓய்ந்தது, அந்தப் பெண் தட்டோடு மெல்ல நகர்ந்து போனாள். மற்றவர்களும் கலைந்தார்கள். ஒருவரும் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

வெளியே வரும்போது அவர் ஈரச் சாக்கை விட்டு முற்றத்துச் சீமெந்தில் கால் வைத்தார். வைத்ததும் துள்ளிப் பின்வாங்கினார்.

"சுடுதுடி!" என்றார்.

நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன்.

"எங்கப்பா சுடுது?"

"குதிகால்ல." பாதத்தை மெதுவாக முன்னால் சாய்த்துப் பார்த்தார். "விரல்ல ஒண்ணும் தெரியல."

அந்த விரல்களுக்கு உயிர் திரும்பவேயில்லை. அன்று அவர் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. குதிகாலை மறுபடி ஒருமுறை சீமெந்தில் வைத்துப் பார்த்துச் சிரித்தார். போதும், சுட்டுக்கப் போறீங்க என்று ஏசிக்கொண்டே குனிந்து செருப்பை மாட்டிவிட்டேன். விரல்களை மட்டும் என் கையாலேயே ஒவ்வொன்றாக உள்ளே தள்ளிவிட வேண்டியிருந்தது.