செருப்பு அறுந்த இடத்தில் ஒரு வரிசை

இன்று மதியம் பிரிக்பீல்ட்ஸில் நடந்ததை நம் ரயில்வே சங்கத்துப் பலகையில் ஒட்டுகிறேன். பதிலைக் கீழேயே எழுதுங்கள்.

போன வாரம் பக்கத்துப் பக்கத்தில் திறந்த இரண்டு சாப்பாட்டுக் கடைகளில், முதல் கடை வாசலில் என் செருப்பு வார் அறுந்தது. அதை முடிந்துகொண்டு நின்றேன்.

பின்னால் ஒருவர் வந்து நின்றார். "இங்க நல்லா இருக்கும் போல" என்றார். இரண்டு கடையிலும் அவர் சாப்பிட்டதில்லை.

மூன்றாவதாக சிக்னல்காரர் முத்தையா வந்தார். "நேத்து பக்கத்துக் கடையில சாப்பிட்டேன். மீன் குழம்பு நல்லாத்தான் இருந்துச்சு."

"அப்புறம் ஏண்ணே இங்க நிக்கிறீங்க?"

"ரெண்டு பேர் நிக்கிறீங்களே, உங்களுக்குத் தெரியாததா?"

அடுத்து வந்தவர்கள் எங்கள் மூவரையும் நம்பினார்கள். வரிசை சாலை வரை போய்விட்டது.

நான் சிரித்துக்கொண்டே பக்கத்துக் கடைக்குப் போனேன். "வாங்கண்ணே, உக்காருங்க" என்றார் கடைக்காரர். உள்ளே ஒருவரும் இல்லை.

காலி பெஞ்சைப் பார்த்ததும் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அங்கே இவ்வளவு பேர் சும்மாவா நிற்பார்கள்?

திரும்பி வந்து வரிசையின் கடைசியில் நின்றேன். முன்னால் நின்றவர் சொன்னார்: "லேட்டா வந்துட்டீங்களேண்ணே. இங்க எப்பவுமே இப்படித்தான் கூட்டம்."

என் முறை வருவதற்குள் சோறு தீர்ந்துவிட்டது. சாப்பிட்டவர்கள் யாராவது எழுதுங்களேன், அங்கே சாப்பாடு எப்படி?