மூடிய எண்ணும் திறக்காத அஞ்சல்பெட்டியும்

“நாள் 16. பட்டன் போனின் எண்ணை மூடக் கொடுத்தாயிற்று. காரணம்: தேவையற்ற அழைப்புகள். உடன் வைத்த தாள்: இறப்புச் சான்றிதழ் நகல் ஒன்று.”

என் குறிப்பேட்டில் என் கையெழுத்தில் உள்ள வரிகள் இவை. தம்பி இறந்த நாளைப் பூச்சியம் என்று வைத்து அதிலிருந்து நாட்களை எண்ணி எழுதி வந்தேன். எந்த வேலையையும் தேதியோடு எழுதி வைப்பது என் பழக்கம். எழுதி வைத்தால் தவறு நேராது என்றும் நெடுநாள் நம்பியிருந்தேன். இந்தக் குறிப்பில் தேதி சரியாக இருக்கிறது. செய்த காரியம்தான் தவறு.

தம்பி ஒரகடத்தில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசர். ஷிப்ட் முடிந்து பென்னலூருக்குத் திரும்பும் வழியில் விபத்து. ஸ்மார்ட்போன் அவன் சட்டைப் பையிலேயே நொறுங்கிவிட்டது. அதன் சிம்மை எடுத்து அவன் மனைவியின் பழைய போனில் போட்டோம். தோள்பையிலிருந்த பட்டன் போனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. கேமரா உள்ள போனைத் தொழிற்சாலைக்குள் விடமாட்டார்கள். வாசலில் உள்ள பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும். உள்ளே கொண்டுபோக இந்தப் பக்கத்தில் பலரும் ஒரு பட்டன் போன் வைத்திருப்பார்கள். நாங்கள் அதைக் ‘கம்பெனி போன்’ என்றே சொல்வோம்.

அவன் போன பிறகும் அது அடித்துக்கொண்டே இருந்தது. கம்பெனி வண்டி ஓட்டுபவர், “அண்ணே, ஸ்டாப்புல நிக்கிறேன், எங்க கீறீங்க?” என்பார். புதிதாக வந்த ஏதோ ஒரு பையன் ஓவர்டைம் இருக்கிறதா என்று கேட்பான். ஒவ்வொரு முறையும் தம்பி மனைவிதான் பதில் சொன்னாள். பதினைந்தாம் நாள் அவள் போனை என் முன் வைத்தாள்.

“மாமா, இத நிறுத்திடுங்க. ஒவ்வொருத்தருக்கும் நானே அவர் செத்துட்டார்னு சொல்லிக்கினு இருக்க முடியல.”

மறுநாள் மூடினேன். அன்று அது சரியாகத்தான் பட்டது.

இருபத்துமூன்றாம் நாள் காலை தம்பி மகளின் காது மெஷின் நின்றுபோனது. அவளுக்கு ஏழு வயது. இடது காதில் அந்தக் கருவி இருந்தால்தான் வகுப்பில் டீச்சர் பேசுவது கேட்கும். பேட்டரியை மாற்றிப் பார்த்தோம். துடைத்துப் பார்த்தோம். கேட்கவில்லை என்று குழந்தை தலையை ஆட்டினாள். அப்போதுதான் தம்பி மனைவிக்கு நினைவு வந்தது: கருவிக்கு இரண்டு ஆண்டு உத்தரவாதம் உண்டு, வாங்கியது மகளின் பிறந்தநாளுக்கு முந்தைய நாள். கணக்குப் பார்த்தேன். இன்னும் முப்பத்தெட்டு நாள் இருந்தது. அதற்குள் பில்லோடு கொடுத்தால் புதிதாக மாற்றித் தருவார்கள். தாண்டினால் இன்னொன்று வாங்கும் வரை குழந்தை கேட்காத காதோடு பள்ளிக்குப் போக வேண்டும். அது எத்தனை மாதம் என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

கருவி வாங்கிய மையத்துக்குப் போன் செய்தோம். எடுத்த பெண் அவசரத்தில் இருந்தாள்.

“பில் மெயில்ல அனுப்பியாச்சு மேடம். அத எங்களுக்கு ஃபார்வர்ட் பண்ணுங்க, போதும்.”

அந்த ஒரு வாக்கியம் எங்களை இரண்டு வாரம் சுற்றவிட்டது. பில் தம்பியின் அஞ்சல்பெட்டியில் இருக்கிறது, ஆகவே அஞ்சல்பெட்டியைத் திறக்க வேண்டும் என்று மூன்று பேரும் ஒரே திசையில் யோசித்தோம். மூன்றாமவர், சுங்குவார்சத்திரம் பேருந்து நிறுத்தத்தின் எதிரே இ-சேவைக் கடை வைத்திருப்பவர். பி.எஃப். பதிவு முதல் பாஸ்போர்ட் வரை எதற்கும் அறை எடுத்துத் தங்கியிருக்கும் தொழிற்சாலைப் பையன்கள் அவரிடம்தான் வருவார்கள். தம்பிக்கும் மெயில் ஐடி உண்டாக்கிக் கொடுத்தவர் அவரே.

இருபத்தைந்தாம் நாள் அவர் கடையில் உட்கார்ந்தோம். தம்பி மனைவிக்கு அவனுடைய கடவுச்சொல் தெரிந்திருந்தது. மகள் பெயரும் ஒரு எண்ணும். அது சரியாகவே இருந்தது. ஒரு நொடி எல்லோரும் நிமிர்ந்தோம். அடுத்த திரை வந்தது. பதிவு செய்த எண்ணுக்குக் குறியீடு அனுப்பப்பட்டுள்ளது என்ற வரியும், அந்த எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களும் அதில் இருந்தன. வீட்டில் இருந்த சிம்மின் எண் அது இல்லை.

கடைக்காரர் நாற்காலியில் சாய்ந்தார். “பட்டன் போன் நம்பர் சார் இது. நான்தான் போட்டேன். ஷிப்ட்ல இருக்கசொல்ல ஓடிபி வந்தா பெரிய போன் கேட்லயே மாட்டிக்கும்ல? அதான் உள்ள எடுத்துனு போற நம்பரைக் குடுன்னேன். எல்லாப் பசங்களுக்கும் அப்படித்தான் போடறது. அந்த போன் எங்க கீது?”

“போன் வூட்ல கீதுண்ணே,” என்றாள் தம்பி மனைவி. என்னைப் பார்த்தாள். “நம்பர் இல்ல. மாமா மூடிட்டார். தேதி போட்டு எழுதிக்கூட வெச்சிருக்கார்.”

கடைக்காரருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். “இன்னா சார் இது. ஆதார் இல்லாம பொறக்க முடியல, ஓடிபி இல்லாம சாகவும் முடியல.”

அவளும் சிரித்தாள். தம்பி போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல்முறை. ஆகவே அதையும் எழுதி வைத்தேன்.

இருபத்தேழாம் நாள் போன் நிறுவனத்தின் கிளைக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர் பொறுமையாகச் சொன்னார். இறந்தவரின் எண்ணை வாரிசு தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். இறப்புச் சான்றிதழும் வாரிசின் அடையாள அட்டையும் போதும். ஆனால் அதை மூடுவதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டும். மூடிய எண்ணைத் திரும்பத் தர அவரால் முடியாது. கொஞ்ச காலம் அது சும்மா கிடக்கும். பிறகு வேறு யாருக்காவது போய்விடும். அதே சான்றிதழ் நகலைத்தான் மூடுவதற்கும் கொடுத்திருந்தேன். மாற்றக் கொடுத்திருந்தாலும் அதுவே போதுமாக இருந்திருக்கும்.

மிச்சம் இருந்த வழி மின்னஞ்சல் நிறுவனத்திடமே கேட்பது. இறந்தவர்களின் கணக்குக்கென்று தனிப் படிவம் வைத்திருக்கிறார்கள். இருபத்தொன்பதாம் நாள் அதை நிரப்பினோம். அவன் பெயர், மின்னஞ்சல் முகவரி, இறந்த தேதி, கேட்பவருக்கு என்ன உறவு, அவளுடைய அடையாள அட்டை, இறப்புச் சான்றிதழ். என்ன வேண்டும் என்ற இடத்தில் கணக்கை மூடுவது, உள்ளிருப்பதைக் கேட்பது என்று தனித்தனியாக இருந்தன. மூடுவதில் மட்டும் விரல் பட்டுவிடக் கூடாது என்று கடைக்காரர் இரண்டு முறை எச்சரித்தார். உள்ளிருப்பதைக் கேட்டோம்.

மறுநாள் முப்பதாம் நாள் பூசை. மாதா கோவிலில் குழந்தை என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பாதிரியார் அவள் அப்பாவின் பெயரைச் சொன்னபோது எல்லோரும் தலை குனிந்தார்கள். அவள் மட்டும் என்ன ஆயிற்று என்று சுற்றிலும் பார்த்தாள்.

பதில் முப்பத்தெட்டாம் நாள் வந்தது. மரியாதையான கடிதம். கடவுச்சொல்லையோ உள்நுழையும் வேறு வழியையோ யாருக்கும் தரமாட்டோம்; உள்ளிருப்பதைக் கேட்கும் விண்ணப்பம் பரிசீலிக்கப்படும்; நீதிமன்ற உத்தரவு தேவைப்படலாம்; அது இருந்தாலும் தருவோம் என்ற உறுதி இல்லை. இவ்வளவுதான் சாரம். பிறகு மற்ற நிறுவனங்களின் விதிகளையும் வாசித்துப் பார்த்தேன். சொற்கள் மாறுகின்றன, நிலை ஏறக்குறைய அதுவே. சில நிறுவனங்களில் ஒருவர் உயிரோடு இருக்கும்போதே, தன் கணக்கு இத்தனை மாதம் அசையாமல் கிடந்தால் இன்னாருக்குத் தெரிவி, இன்னின்னதைக் கொடு என்று குறித்து வைக்க முடிகிறது. தம்பி குறித்து வைக்கவில்லை. நாற்பத்தொரு வயதில் யார் குறித்து வைப்பார்கள்?

முதலில் எனக்குக் கோபம் வந்தது. மனைவி கேட்கிறாள், அவளுக்கே இல்லையா? அன்று இரண்டாம் முறை படித்தபோது கோபம் குறைந்தது. அவனுக்கு எழுதியவர்கள் அவனுக்கென்றுதான் எழுதினார்கள். என் அஞ்சல்பெட்டியை எனக்குப் பின்னால் யார் திறக்கலாம் என்று யோசித்தேன். உடனே ஒரு பெயரும் சொல்லத் தோன்றவில்லை.

கடிதத்தின் கடைசியில், குடும்பத்தாருக்கு வேண்டிய ரசீதுகளை அவற்றை வழங்கிய நிறுவனங்களிடமே கேட்கலாம் என்று ஒரு வரி இருந்தது. நான் அதைச் சம்பிரதாய வாக்கியம் என்று கடந்துவிட்டேன். தம்பி மனைவி கடக்கவில்லை.

“மாமா, அனுப்பினவங்ககிட்ட அனுப்பினது இருக்குமில்ல?”

நான் அந்தக் கடைசி வரியை மறுபடி படித்தேன்.

“கரண்ட் பில்லுக்கு இன்னா பண்ணோம்? மீட்டர் நம்பர் சொன்னோம், குடுத்தாங்க. காது மெஷினுக்கும் நம்பர் கீதே. ஃபார்வர்ட் பண்ணு, ஃபார்வர்ட் பண்ணுன்னு அவ சொன்னா, நாமளும் அதையே புடிச்சிக்கினோம்.”

நாற்பதாம் நாள் நேரில் போனோம். கருவியின் அடிப்பகுதியில் அரிசி அளவு எழுத்தில் இருந்த வரிசை எண்ணை மையத்தில் தட்டினார்கள். பில் வந்தது. வாங்கிய தேதி தம்பி மனைவி சொன்ன அதே நாள். இருபத்தொரு நாள் மீதி இருந்தது. தம்பி மனைவி இறப்புச் சான்றிதழைக் காட்டி, குழந்தையின் கோப்பில் தன் மெயில் ஐடியையும் எண்ணையும் போடவைத்தாள். மாற்றுக் கருவி ஒன்பது நாளில் வந்தது. காதில் வைத்ததும் குழந்தை சொன்ன முதல் வார்த்தை, “ஃபேன் சத்தம்.” கூடவே முகத்தைச் சுளித்தாள்.

செவித்திறன் பரிசோதிக்கும் அம்மா கோப்பை மூடப்போனவர் நிறுத்தினார். “உங்க வீட்டுக்காரர் மூணு மாசத்துக்கு ஒருதரம் மெயில்ல கேள்வி கேப்பாரும்மா. எல்லாம் இந்தக் கோப்புலதான் இருக்கு. நீங்க பாப்பாவோட அம்மா, வேணும்னா பிரிண்ட் எடுத்துக்குங்க.”

நான்கு தாள்கள். அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து படித்தாள். பிறகு என்னிடம் தந்தாள். ஒரு கடிதத்துக்கு இரண்டு முனை உண்டு என்பதை, எதையும் எழுதி அடுக்கி வைக்கும் நான் அந்தப் பெஞ்சில்தான் உணர்ந்தேன். அவன் எழுதியவை அவனுடைய பெட்டியில் மட்டும் இல்லை.

கடைசித் தாளில் தம்பி எழுதியிருந்தான்: பாப்பாவுக்கு எந்தெந்தச் சத்தம் கேட்கிறது, எது கேட்கவில்லை என்று ஆறு மாதமாக எழுதி வந்த பட்டியலை இணைத்திருக்கிறேன், தேதி போட்டிருக்கிறேன், பாருங்கள். குடும்பத்தில் தேதி போடுபவன் நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன்.

அந்த இணைப்பு மட்டும் மையத்தில் இல்லை. அவர்கள் மடலை மட்டும்தான் அச்செடுத்துக் கோப்பில் வைத்திருந்தார்கள். கணினி மாறியபோது பழையவை போய்விட்டனவாம். வீட்டில் அப்படி ஒரு தாளோ நோட்டோ இல்லை. தேடினோம்.

பில் கிடைத்துவிட்டது, ஆனாலும் அஞ்சல் நிறுவனத்துக்குக் கொடுத்த விண்ணப்பத்தைத் தம்பி மனைவி திரும்பப் பெறவில்லை. அது இன்னும் பரிசீலனையில் இருக்கிறது. நெடுங்காலம் அசையாத கணக்கை உள்ளடக்கத்தோடு அழித்துவிடுவதும் சில நிறுவனங்களின் விதி என்பதால், கடைசியாக அவன் உள்நுழைந்திருக்கக்கூடிய நாளைத் தோராயமாகக் குறித்து வைத்திருக்கிறேன். அந்தப் பட்டியல் அஞ்சல்பெட்டியில் இருக்கிறதா, அவன் உண்மையிலேயே இணைத்து அனுப்பினானா என்பது இதை எழுதும் நாள் வரை சரிபார்க்கப்படவில்லை.